ஒரே கட்டுரை, பன்னிரண்டு மதிப்பெண்: ஒப்புமைச் சோதனையின் இரண்டு அமைப்புகளைப் பிரித்துப் பார்த்த பதிவு

ஒரு மாணவர் இரண்டு அறிக்கைகளை மேசையில் வைத்தார். இரண்டும் அவருடைய ஒரே கட்டுரைக்கு வந்தவை. கட்டுரையில் எவ்வளவு பிற மூலங்களோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் சிமிலாரிட்டி ரிப்போர்ட் அது. நான் ஓட்டியதில் 12 சதவீதம், உடன் பணிபுரியும் இன்னொரு ஆசிரியர் ஓட்டியதில் 26 சதவீதம். "சார், இதுல எது சரி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஒப்பிட்ட மூலங்களும் ஒன்றுதான். மாறியிருந்தவை அமைப்புப் பக்கத்தில் உள்ள இரண்டு இடங்கள் மட்டும். எத்தனை சொல் தொடர்ந்து ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது என்பது ஒன்று. மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பது இன்னொன்று.

இந்த இரண்டும் எண்ணை மாற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்தச் சொற்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு எண்ணைக் குறைக்கின்றன என்பதை நான் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அதைப் பார்க்க, உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கட்டுரை வேண்டும். நானே ஒன்றைக் கட்டினேன்.

சோதனைக் கட்டுரை

தலைப்பு மண்புழுக்கள். சரியாக 1000 சொற்கள். ஒப்பிட எட்டு மூல உரைகள். கட்டுரையில் நான் தெரிந்தே வைத்தவை இவை:

முதல் மூலத்திலிருந்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இரண்டு மேற்கோள்கள், 40 சொல்லும் 30 சொல்லும். இரண்டுக்கும் ஆதாரம் குறிப்பிட்டேன். இரண்டாவது மூலத்திலிருந்து 50 சொல் நீண்ட மேற்கோள். இதைப் பல புத்தகங்களில் செய்வதுபோல் குறியில்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ளி வைத்தேன், ஆதாரமும் உண்டு. மூன்றாவதிலிருந்து 60 சொல்லை அப்படியே எடுத்து, குறியும் ஆதாரமும் இல்லாமல் போட்டேன். இது வெளிப்படையான நகல்.

அடுத்தது ஒட்டுப்போட்ட பத்தி. மொத்தம் 120 சொல். மூன்று மூலங்களிலிருந்து வாக்கியங்களை எடுத்து, இடையிடையே ஒரு சொல்லை மாற்றி, ஒன்றை முன்பின்னாக்கி எழுதினேன். அவசரத்தில் எழுதும் மாணவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். மாற்றாமல் மிஞ்சிய துண்டுகளின் நீளம் 9, 7, 7, 6, 6, 5, 5, 4, 4, 4 சொற்கள். மொத்தம் 57.

கடைசியாகத் தற்செயல் பொருத்தங்கள். "என்பதை நாம் அறிவோம்" என்பது போன்ற, யார் எழுதினாலும் வரக்கூடிய தொடர்கள். 3 சொல் துண்டு பதினான்கு, 4 சொல் துண்டு ஆறு, 5 சொல் துண்டு இரண்டு. மொத்தம் 76 சொற்கள், ஏழாவது எட்டாவது மூலங்களில் பரவிக் கிடந்தன.

கருவி, அதில் வந்த முதல் கோளாறு

பெரிய கருவிகள் உள்ளே என்ன செய்கின்றன என்பது வெளியே தெரியாது. அதனால் பைத்தானில் சின்னதாக ஒன்றை எழுதிக்கொண்டேன். `n` சொல் கொண்ட ஒவ்வொரு தொடரும் மூலத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தச் சொற்களைக் குறிக்கும். அவ்வளவுதான்.

```python
def marked(essay, sources, n):
    hit = [False] * len(essay)
    for s in sources:
        seen = {tuple(s[i:i+n]) for i in range(len(s)-n+1)}
        for i in range(len(essay)-n+1):
            if tuple(essay[i:i+n]) in seen:
                hit[i:i+n] = [True] * n
    return hit
```

முதல் ஓட்டத்திலேயே ஏதோ தவறு என்று தெரிந்தது. 1000 சொல் கட்டுரைக்கு 3000-ஐத் தாண்டிய எண்ணிக்கை வந்தது. காரணம் சொல் பிரிக்கும் இடத்தில் இருந்தது. பழக்கத்தில் `\w+` என்று எழுதியிருந்தேன். பைத்தானின் `re` தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் "மண்புழுக்கள்" என்ற ஒரே சொல் ஐந்து துண்டாக உடைந்தது. "மண்" என்பதும் "மணி" என்பதும் இரண்டுமே "மண" ஆகிவிட்டன. அதாவது 8 சொல் என்று நான் வைத்த எல்லை உண்மையில் இரண்டு மூன்று சொல்தான், அதிலும் வேறு வேறு சொற்கள் ஒன்றாகத் தெரிந்தன. தமிழ்க் கட்டுரைக்கு ஒரு கருவி நம்ப முடியாத அளவு உயர்ந்த எண்ணைக் காட்டினால், நான் இப்போது முதலில் பார்ப்பது அது சொல்லும் மொத்தச் சொல் எண்ணிக்கையைத்தான்.

```python
import re, unicodedata

def words(t):
    t = unicodedata.normalize("NFC", t)
    return re.findall(r"[\u0B80-\u0BFFA-Za-z0-9]+", t)
```

`NFC` வரி எதற்கென்றால், "கொ" என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறியீடாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒப்பிடும்போது மட்டும் வேறு சொல்லாகிவிடும். இதைச் சரிசெய்த பிறகு எண்ணிக்கை 1000 என்று வந்தது.

எண்கள்

| குறைந்தபட்ச நீளம் (சொல்) | மேற்கோள் சேர்த்து | மேற்கோள் விலக்கி |
|---|---|---|
| 3 | 31.3% | 24.3% |
| 4 | 27.1% | 20.1% |
| 5 | 23.5% | 16.5% |
| 6 | 21.5% | 14.5% |
| 8 | 18.9% | 11.9% |
| 10 | 18.0% | 11.0% |

ஆக 31.3-லிருந்து 11.0 வரை பன்னிரண்டு மதிப்பெண்கள், எல்லாம் ஒரே கட்டுரைக்கு. மேற்கோள் விலக்கின் விளைவு எல்லா வரியிலும் ஒரே 7 புள்ளி, ஏனென்றால் குறிக்குள் இருந்த 70 சொல்லும் நீண்ட தொடர்கள். நீளத்தை 10 ஆக்கினாலும் அவை அசையாது. இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் 31-க்கு வரும்போதுதான் 30 சொல் மேற்கோள் முதலில் கழன்று விழும்.

இதை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. குறைந்தபட்ச நீளத்தைக் கூட்டினால் ஆதாரத்தோடு போட்ட நேர்மையான மேற்கோள் போவது மிகவும் பிந்தித்தான். முதலில் போவது தற்செயல் துண்டுகள், அதோடு சேர்ந்தே ஒட்டுப்போட்ட பத்தி.

மேற்கோளை விலக்கிய வரிசையை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். நீளம் 3-இல் குறிக்கப்பட்ட 243 சொல்லில் 76 வெறும் தற்செயல். ஒட்டுப்போட்ட பத்தியின் 57 சொல்லும் தெரிகிறது, ஆனால் நிறம் பூசிய துண்டுகளின் நெரிசலில் கண்ணுக்குத் தனியாகப் படவில்லை. நீளம் 5-இல் தற்செயல் 10 சொல்லாகக் குறைந்தது, ஒட்டுப்போட்ட பத்தியில் 45 சொல் நின்றது. 120 சொல் பத்தியில் 45 சொல் நிறத்தோடு இருந்தால் படிப்பவர் கட்டாயம் நின்று பார்ப்பார். நீளம் 6-இல் தற்செயல் முழுவதும் போய்விட்டது, பத்தியில் 35 நின்றது. நீளம் 8-இல் அந்தப் பத்தியில் மிஞ்சியது ஒரே ஒரு 9 சொல் துண்டு. நீளம் 10-இல் அந்தப் பத்தி சுத்தமாக வெள்ளை.

நான் இத்தனை நாள் 10 என்று வைத்திருந்தேன். தேவையில்லாத பொருத்தங்கள் குறையும் என்ற எண்ணத்தில்தான். அவை 6-லேயே முழுதாகக் குறைந்துவிட்டன. அதற்கு மேல் ஏற்றிய ஒவ்வொரு எண்ணும் நான் கண்டுபிடிக்க விரும்பியதைத்தான் மறைத்திருக்கிறது.

தமிழில் 8 என்பது பெரிய எண்

பல வழிகாட்டிகள் சொல்லும் 8, 10 என்ற அளவுகள் ஆங்கிலக் கட்டுரைகளை வைத்து வந்தவை. தமிழில் வேற்றுமை உருபும் கால இடைநிலையும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதால், அதே செய்தியைக் குறைந்த சொற்களில் சொல்லிவிடுவோம். என் மூலத்தில் இருந்த ஒரு வாக்கியம்:

மண்புழுக்கள் மண்ணைத் துளைத்துச் செல்வதால் காற்றும் நீரும் வேர்களை அடைகின்றன.

எட்டே சொல். ஒரு முழு வாக்கியமும் முழு கருத்தும் அதில் அடங்கிவிட்டன. 8 என்று வைத்தால், வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் எடுத்தால்தான் பிடிபடும். இதில் ஒரே ஒரு சொல்லை மாற்றி ஒட்டுப்போட்ட பத்தியில் வைத்தேன்:

மண்புழுக்கள் மண்ணைக் குடைந்து செல்வதால் காற்றும் நீரும் வேர்களை அடைகின்றன.

மாற்றியது "துளைத்து" என்ற ஒன்றைத்தான். ஆனால் அறுந்தது இரண்டு சொல். அடுத்த சொல் க-வில் தொடங்குவதால் "மண்ணைத்" என்பது "மண்ணைக்" ஆகிவிட்டது, கருவிக்கு அது வேறு சொல். எட்டு சொல் தொடர் இப்போது 1, 5 என்று பிரிந்துவிட்டது. நீளம் 6 என்றால்கூட இது பிடிபடாது, 5 என்றால் பிடிபடும். ஒற்று மிகும் மொழியில் ஒரு சொல்லை மாற்றுகிறவர் தெரியாமலேயே அதற்கு முந்தைய சொல்லையும் மாற்றிவிடுகிறார்.

இதற்கு ஒரு எளிய தீர்வு உண்டு. ஒப்பிடும் முன் சொல்லின் கடைசியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை வெட்டிவிடலாம். தமிழ்ச் சொல் எதுவும் இயல்பாக இந்த வல்லின மெய்களில் முடிவதில்லை, அதனால் சேதமும் கிடையாது. பிற மொழியிலிருந்து வந்த சில பெயர்களின் வால் வெட்டுப்படும், ஆனால் மூலத்திலும் கட்டுரையிலும் ஒரே மாதிரி வெட்டுவதால் பொருத்தம் கெடாது.

```python
def trim(w):
    return re.sub("[கசதப]்$", "", w)
```

இதைச் சேர்த்ததும் ஒட்டுப்போட்ட பத்தியில் மூன்று துண்டுகள் ஒவ்வொரு சொல் நீண்டன: ஒரு 4 சொல் துண்டு 5 ஆனது, ஒரு 5 சொல் துண்டு 6 ஆனது, ஒரு 7 சொல் துண்டு 8 ஆனது. நீளம் 5-இல் அந்தப் பத்தியில் தெரிந்தது 45-லிருந்து 52 சொல்லாகவும், நீளம் 8-இல் 9-லிருந்து 17 சொல்லாகவும் கூடியது. மேலே உள்ள அட்டவணை இந்தத் திருத்தத்துக்கு முந்தையது. நம் கையில் கிடைக்கும் கருவிகளில் இப்படி ஒற்றெழுத்தை வெட்டும் வசதி இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது, அதனால் அட்டவணையை அப்படியே விட்டிருக்கிறேன்.

மேற்கோள் குறி என்ற கத்தரிக்கோல்

மேற்கோளை விலக்குவதற்கு நான் முதலில் வைத்த விதி `"[^"]*"`. ஒரு குறியில் தொடங்கி அடுத்த குறி வரை வெட்டு. சரியாக வேலை செய்தது, 70 சொல் விலகியது. அப்புறம் மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு பிழையை வேண்டுமென்றே செய்தேன். முதல் மேற்கோளின் மூடும் குறியை அழித்தேன்.

நீளம் 8-இல் 11.9 இருக்க வேண்டிய இடத்தில் 8.9 வந்தது. மேற்கோள் ஒழுங்காக மூடப்படாத கட்டுரைக்கு மதிப்பெண் குறைகிறது! ஏன் என்று தேடினேன். நேர்க்குறியில் திறப்பும் மூடலும் ஒரே வடிவம். கருவி முதல் மேற்கோளைத் திறந்து, மூடும் குறி இல்லாததால் இரண்டாவது மேற்கோளின் திறக்கும் குறியை மூடலாக எடுத்துக்கொண்டது. இடையிலிருந்த 312 சொல்லும் "மேற்கோள்" ஆகிவிட்டன. அந்த இடைவெளிக்குள்தான் 60 சொல் நகல் இருந்தது, அது முழுதாக மறைந்தது. உண்மையான 30 சொல் மேற்கோள் வெளியே நின்று பொருத்தமாக எண்ணப்பட்டது. 60 போய் 30 சேர்ந்ததில் மதிப்பெண் 3 புள்ளி குறைந்து நல்ல பிள்ளையாகத் தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது மதிப்பெண் அல்ல, விலக்கிய சொற்களின் எண்ணிக்கை. 70 இருக்க வேண்டிய இடத்தில் 352 காட்டியது. குறிகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தாலும் தெரிந்துவிடும், நேர்க்குறி ஒற்றைப்படையாக இருந்தால் எங்கோ ஒன்று தொலைந்திருக்கிறது. விதியை `"[^"\n]*"` என்று மாற்றி, பத்தியைத் தாண்டாமல் கட்டினேன். இப்போது மூடாத மேற்கோள் விலக்கப்படாமல் நின்றது, மதிப்பெண் 15.9. இதுவும் துல்லியமான எண் இல்லை. ஆனால் இந்தத் தவறு பார்வைக்கு வருகிறது. 40 சொல் நிறத்தோடு நிற்பதைப் பார்த்து "இது மேற்கோள்தான், குறி விட்டுப்போயிருக்கிறது" என்று சொல்ல ஒரு ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும். மறைந்துபோன நகலை யாராலும் பார்க்க முடியாது.

அந்த உள்தள்ளிய 50 சொல் மேற்கோள் எல்லா ஓட்டத்திலும் பொருத்தமாகவே நின்றது. அதற்குக் குறியே இல்லை. உள்தள்ளலும் வெறும் வடிவமைப்பு, எளிய உரையாக மாற்றிய உடனேயே போய்விட்டது. ஆதாரத்தோடு முறையாக எழுதியவர் 5 புள்ளி சுமக்க, வெறும் குறி போட்டவர் தப்பிக்கிறார். குறி போட்டுவிட்டு ஆதாரம் தராமல் விட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். அந்த 60 சொல் நகலைச் சுற்றி இரண்டு குறி வைத்தேன், வேறு எதையும் மாற்றவில்லை. நீளம் 8-இல் மதிப்பெண் 5.9. கருவிக்குக் குறிதான் தெரியும், அதன் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறதா என்பது தெரியாது. ஒற்றைக் குறிக்குள் மேற்கோள் எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கு இதன் மறுபக்கம் நடக்கும். என் விதிக்கு இரட்டைக் குறி மட்டும்தான் தெரியும், அதனால் அவர்களுடைய மேற்கோள் எல்லாமே நகல் கணக்கில் விழும்.

இன்னொன்று வகுக்கும் எண். மேற்கோளை விலக்கிய பிறகு மிச்சத்தை 1000-ஆல் வகுப்பதா, 930-ஆல் வகுப்பதா? நீளம் 8-இல் 119 சொல். முதல் முறையில் 11.9, இரண்டாவதில் 12.8. என் கட்டுரையில் மேற்கோள் குறைவு என்பதால் வித்தியாசம் சிறியது. பாதிக் கட்டுரை மேற்கோளாக இருந்து, மிச்சத்தில் 60 சொல் நகல் இருந்தால் ஒரு முறை 6 என்று சொல்லும், இன்னொன்று 12 என்று சொல்லும். மாணவர் தாமாக எழுதிய பகுதியில் எவ்வளவு எடுத்தது என்பதுதான் என் கேள்வி, அதனால் நான் விலக்கிய மிச்சத்தால் வகுப்பதையே விரும்புகிறேன். அட்டவணையில் மட்டும் ஒப்பிட வசதியாக 1000 வைத்தேன்.

பெயர் ஒன்றுபோல, வேலை வேறு

சில கருவிகளில் சிறிய பொருத்தங்களை விலக்கு என்பதோடு, சிறிய மூலங்களை விலக்கு என்றும் ஒன்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது எளிது. முதலாவது ஒவ்வொரு துண்டின் நீளத்தைப் பார்க்கிறது. இரண்டாவது ஒரு மூலத்திலிருந்து வந்த எல்லாத் துண்டுகளின் கூட்டுத் தொகையைப் பார்த்து, அது குறைவாக இருந்தால் அந்த மூலத்தையே தூக்கிவிடுகிறது.

இதையும் என் நிரலில் சேர்த்து, நீளம் 5, மூலத்துக்குக் குறைந்தது 20 சொல் என்று வைத்தேன். 16.5 இருந்த மதிப்பெண் 11.0 ஆனது, நீளம் 10-இல் வந்த அதே எண். காரணம், ஒட்டுப்போட்ட பத்தி மூன்று மூலங்களிலிருந்து வந்தது. ஒவ்வொன்றின் பங்கும் 15, 19, 11 சொல். எதுவும் 20-ஐத் தொடவில்லை, மூன்றும் போய்விட்டன, தற்செயல் 10 சொல்லும் அவற்றோடு போயின. ஒரே மூலத்திலிருந்து அதே 45 சொல்லை எடுத்திருந்தால் நின்றிருக்கும். பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவருக்கு இந்த வடிகட்டி கதவைத் திறந்தே வைக்கிறது. அதை நான் இப்போது அணைத்தே வைக்கிறேன்.

மாணவரின் கட்டுரைக்குத் திரும்பியபோது

அந்த 26-ஐயும் 12-ஐயும் விட்டுவிட்டு, அவருடைய கட்டுரையை இரண்டு முறை ஓட்டினேன். இரண்டிலும் நீளம் 5, மூல வடிகட்டி இல்லை. ஒன்றில் மேற்கோள் சேர்த்து, இன்னொன்றில் விலக்கி. அறிக்கையின் தலையில் இந்த மூன்றையும், விலக்கிய சொற்களின் எண்ணிக்கையையும், எதனால் வகுத்தேன் என்பதையும் எழுதினேன்.

26-இல் பெரும்பகுதி ஆதாரத்தோடு போட்ட மூன்று நீண்ட மேற்கோள்கள். உடன் பணிபுரிபவர் அவற்றை விலக்காமல் ஓட்டியிருந்தார், மாணவர் பயந்தது அவற்றால்தான். ஆனால் நான் ஓட்டிய 12-இல் தெரியாத ஒரு பத்தி இப்போது தெரிந்தது. ஐந்தும் ஆறும் ஏழுமாகத் துண்டுகள், எல்லாம் ஒரே மூலத்திலிருந்து, வரிசைகூட மாறாமல். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. அந்த மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன், சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தேன் என்றார். மூலத்தை மூடிவிட்டு அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எழுதி, ஆதாரத்தோடு மறுநாள் கொண்டுவந்தார். முதலில் எழுதியதைவிட இரண்டு வரி குறைவாக இருந்தது, என்ன சொல்ல வருகிறார் என்பது தெளிவாக இருந்தது.